கனமில்லாத கால்மிதி

அம்மா குளிக்கப் போனால் வீடு முழுக்க இருமல் கேட்கும். சளி ஒன்றும் இல்லை. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால், யாராவது அந்தப் பக்கம் நடக்கும் சத்தம் வந்தால் உள்ளேயிருந்து இருமுவாள். கதவுக்குப் பின்னால் தண்ணீர் நிரம்பிய பக்கெட் ஒன்றையும் நகர்த்தி வைத்துக்கொள்வாள். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் என்னைத் தெருவில் நிறுத்தி, "உங்க அம்மாவ டாக்டராண்ட கூட்டிகினு போய்க் காட்டினியா? காலைல காலைல இருமிகினே இருக்குதே" என்று கேட்டார். நான் சிரித்தேன். அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு இன்னா வயசாயிடுச்சி, கதவத் தொறந்து போட்டுக் குளிக்கறதுக்கு?" என்றாள்.

தாழ்ப்பாள் போனது அவள் விழுந்த அன்று. குளியலறையைப் புதுப்பித்தபோது தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் இடத்துக்கு மட்டும் சொரசொரப்பான டைல்ஸ் வாங்கினோம். கதவை ஒட்டி உடை மாற்றுகிற இடத்துக்கு, கூடத்தில் போட்டது போக மிச்சமிருந்த பளபளப்பான டைல்ஸையே கொத்தனார் ஒட்டிவிட்டார். வீணாகப் போகக் கூடாது என்று நாங்கள் எல்லோருமே தலையாட்டினோம். அந்த இடத்தில்தான் ஈரக் காலோடு நின்று அம்மா வழுக்கினாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அப்பா தறியிலிருந்து எழுந்து ஓடியபோது உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. வலியில் அவளுக்குக் குரல் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவருக்கு அது எப்படித் தெரியும்? தோளால் மோதிக் கதவைத் திறந்தார். தாழ்ப்பாள் திருகாணிகளோடு பிய்ந்து தெறித்தது.

மாவுக்கட்டு பிரித்தாயிற்று. அம்மா மறுபடியும் தார் சுற்றத் தொடங்கிவிட்டாள். நெசவில் குறுக்கே ஓடும் பட்டிழையைச் சிறு குழல்களில் சுற்றித் தருவது எங்கள் வீட்டில் அவள் வேலை. எல்லாம் பழையபடி ஆனது. கதவில் மட்டும், தாழ்ப்பாள் இருந்த இடத்தில் பொத்தல்கள் அப்படியே இருந்தன. அம்மா அவற்றில் காகிதத்தை உருட்டி அடைத்திருந்தாள்.

"தரை வழுக்காதுன்னு எனக்கு நம்பிக்கை வரட்டும். அப்புறம் மாட்றேன்" என்பார் அப்பா.

"உங்களுக்கு நம்பிக்கை எப்ப வர்றது, நான் எப்பக் குளிக்கறது?"

அப்பா தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் பிடிவாதக்காரர் அல்ல. அன்று கதவுக்கு வெளியே நின்ற அந்தச் சில நொடிகளை அவரால் இன்னும் தாண்ட முடியவில்லை. அது எனக்கும் புரிந்தது, அம்மாவுக்கும் புரிந்தது. புரிந்தாலும், இருமிக்கொண்டே குளிப்பது அவள்தான்.

தரையை வழுக்காமல் செய்ய அப்பா செய்த முதல் காரியம் கால்மிதி வாங்கியது. கடைக்குத் தனியாகப் போய், தானே பார்த்து வாங்கி வந்தார். நான் சென்னையில் துணிகளைப் பரிசோதிக்கும் ஒரு கூடத்தில் வேலை செய்கிறேன். படித்ததும் துணித் தொழில்நுட்பம்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் துணி வாங்க ஆரணியில் ஒரு நெசவாளி மகளுக்கு ஃபோன் போட்டுக் கேட்பாரா?

அந்த வாரக் கடைசியில் நான் வந்ததும் அதைத்தான் முதலில் காட்டினார். அரக்கு நிறம், விரல் புதைகிற அளவுக்கு அடர்ந்த குச்சம், நடுவே பஞ்சுமெத்தை போல ஒரு நுரை அடுக்கு, அடியில் முழுக்கக் கறுப்பு ரப்பர்.

"கைல புடி, எப்படிக் கனம் பாரு" என்றார்.

கனம் என்பது எங்கள் வீட்டில் எடையை மட்டும் குறிக்கும் சொல் அல்ல. புடவையைக் கையில் ஏந்தி 'நல்ல கனம்' என்று ஒருவர் சொன்னால், பட்டிலும் ஜரிகையிலும் ஏமாற்று இல்லை என்று பொருள். நெய்தவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அப்பா கால்மிதியையும் அதே விரல்களால்தான் தேர்ந்தெடுத்திருந்தார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குச்சத்தை வைத்து அவர் உருட்டிப் பார்த்திருப்பதை, கடையில் கூட இல்லாமலே என்னால் பார்க்க முடிந்தது.

அன்று மாலையே நான் திரும்பிவிட்டேன். அடுத்து வந்தபோது ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

குளியலறைப் பக்கம் போனதுமே ஒரு வாடை வந்தது. மழைக்காலத்தில் மூலையில் மறந்துபோன சாக்கின் வாடை. கால்மிதி புதிது போலவே இருந்தது. மேலே ஒரு கறை இல்லை. "ரொம்ப ஜாக்கிரதையா வெச்சிருக்காரு உங்கப்பா. பட்டுப் புடவை கெட்டுது போ" என்றாள் அம்மா.

மறுநாள் காலை நான் சமையலறையில் இருந்தேன். உள்ளே பக்கெட் உருளும் சத்தம். அப்பா என்னை முந்திக்கொண்டு ஓடினார். கதவைத் தள்ளினால் அந்தத் தடித்த கால்மிதியில் உரசிப் பாதியில் நின்றது. அப்புறம் அம்மாவே உள்ளேயிருந்து, "ஒண்ணும் ஆவல, ஒண்ணும் ஆவல! வராதீங்க!" என்று கத்தினாள். துண்டைச் சுற்றிக்கொண்டு குழாயைப் பிடித்தபடி நின்றிருந்தாள் என்று பிறகு சொன்னாள். கால்மிதிமேல் கால் வைத்ததும் அது மொத்தமாக, படகு போல, கதவுப் பக்கம் போயிருந்தது.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. தறிக்குப் போய் உட்கார்ந்தார், ஆனால் தறி ஓடவில்லை. "பாத்தியா?" என்றார் என்னைப் பார்த்து. "தாழ்ப்பா கேக்கறா இவ. இன்னிக்கித் தாழ்ப்பா இருந்திருந்தா இன்னா பண்றது? இனிமே அந்தப் பேச்சே வேணாம்."

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். அலமாரியைத் திறந்து இரண்டு புடவைகளை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"எங்கம்மா கிளம்பற?"

"தேசூருக்கு. என் தங்கச்சி வூட்டுக் கதவுக்குத் தாழ்ப்பா இருக்குது."

"குளிக்கறதுக்கா தேசூர் போற?"

"ஆமா. பஸ் போதில்ல?"

அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அம்மா பை கட்டி நான் பார்த்தது கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். "சாயங்கால பஸ்ஸுக்குப் போயேன். அதுவரைக்கும் எனக்கு டைம் குடு" என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பையை மட்டும் கதவோரமாக, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தாள்.

எனக்கு எதையும் வரிசையாக எழுதினால்தான் மூளை ஓடும். காய்கறி வாங்கப் போனாலும் கைபேசியில் வரிசை எண் போட்டுக்கொள்வேன். இதற்காக வீட்டில் கேலிகூட உண்டு. அன்று குளியலறை வாசலில் நின்றபடி எழுதிக்கொண்டேன். தரை வழவழப்பா? ஆமாம். தரையில் தண்ணீர் நிற்கிறதா? கொஞ்சம். ரப்பர் வழுக்குமா? வழுக்கக் கூடாது. பிறகு ஏன் வழுக்கியது? அந்தக் கேள்விக்கு நேராக எழுத ஒன்றும் இல்லாததால், குனிந்து கால்மிதியைத் திருப்பினேன்.

அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகளும் பச்சைத் திட்டுகளும். ரப்பரைத் தொட்டபோது விரல் வழுக்கியது. மீன் தோலைத் தொட்டதுபோல இருந்தது. அது கிடந்த இடத்தில் தரையிலும் அதே அளவுக்கு ஒரு செவ்வகம், மெல்லிய கொழகொழப்பாக. அம்மாவின் கால் ரப்பர்மேலும் இல்லை, டைல்ஸ்மேலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே வளர்ந்திருந்த பூசணத்தின்மேல் இருந்தது.

"அப்பா, இத எப்படித் துவைச்சீங்க?"

கோபமாகத்தான் இருந்தார். ஆனாலும் துணியைப் பற்றிக் கேட்டால் அவர் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. "பக்குவமாத்தான் துவைச்சேன். வெயில்ல போடல. வெயில்ல போட்டா சாயம் போயிடும்ல? பாவு நூல் தொங்குதே உள்கட்டுல, அங்க நிழல்ல காயப் போட்டேன். ரெண்டு துவையலுக்கு அப்புறம் குச்சம் தொவண்டு போச்சி. அதனால கொஞ்சம் கஞ்சி போட்டேன்."

"கஞ்சியா?"

"அரிசிக் கஞ்சிதான். பாவுக்குப் போடறோமே, அது. விறைப்பா அழகா நின்னுது தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டு நூலுக்கு என்னவெல்லாம் செய்வாரோ அவ்வளவையும் அம்மாவின் காலடிக்குச் செய்திருக்கிறார். வெயில் காட்டாமல், கஞ்சி ஊட்டி, பத்திரமாக வளர்த்திருக்கிறார். வளர்ந்தது பூசணம்.

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். நுரையும் தடித்த குச்சமும் தண்ணீரை நிறையக் குடிக்கும். குடித்த தண்ணீர் ஆவியாகப் போவதற்கு மேல்பக்கம் மட்டும்தான் வழி. அடியில் ரப்பர் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் வழிந்து கீழே போன தண்ணீருக்கோ எந்த வழியும் இல்லை. இருட்டும் ஈரமும் உண்டு, காற்று இல்லை. அதோடு சோப்பு அழுக்கும் அரிசிக் கஞ்சியும் தீனி. பூசணத்துக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

"ரப்பரு தண்ணிய உள்ள வுடாதுன்னு கடைக்காரன் சொன்னானே."

"உண்மைதான்ப்பா. உள்ள வுடாது. வெளியவும் வுடாது."

அப்பா விடவில்லை. "சரி, அப்ப அத வெயில்லயே போட்டிருக்கணும், அவ்ளோதான?"

"வெயில்ல தினம் போட்டா ரப்பர் வெடிச்சி, மாவா உதிரும். அப்புறம் அது புடிக்கவே புடிக்காது. நிழல்ல போட்டா உள்ள இருக்கற நுரை காயாது. அது எந்தப் பக்கமும் சரிப்படாதுப்பா."

அம்மா தூரத்தில் தார் சுற்றும் ராட்டையின் முன் உட்கார்ந்திருந்தாள். ராட்டைச் சத்தம் நின்றிருந்தது.

"தூக்கிப் போட மனசு வரல" என்றார் அப்பா. "நல்லாக் கழுவிட்டு, தறிக்குழில காலுக்குக் கீழ போட்டுக்கறேன். மெத்துன்னு இருக்கும்."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே தலையை நிமிர்த்தி, தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூலைப் பார்த்தார். மாம்பழ நிறத்தில் பாதி நெய்த கல்யாணப் புடவை. குழியிலிருந்து அதற்கு ஒரு முழம்கூட இருக்காது. பட்டில் பூசணக் கறை விழுந்தால் போகாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மடித்துவைத்த புடவைகளை மாற்றி மாற்றிப் பிரித்து மடிக்கிறவர் அவர்.

எழுந்தார். கால்மிதியை நுனியில் பிடித்துத் தூக்கி, உடம்பில் படாமல் பிடித்துக்கொண்டு, தெருவில் வந்த குப்பை வண்டியில் அவரே போட்டுவிட்டு வந்தார். கையை இரண்டு முறை கழுவினார்.

"இத்த போயி அவ காலுக்குக் கீழ வெச்சிருந்தேன்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, துண்டிடம் சொன்னார்.

தரையை நான் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, தேய்த்து, நன்றாகக் கழுவிவிட்டுக் காயவைத்தேன். கதவைத் திறந்தே போட்டேன். பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன். "தேசூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குது. கடைக்கு வா. நிக்கப் போறது நீதானே? நீ பாத்து எடு."

அப்பாவும் செருப்பை மாட்டிக்கொண்டார். அம்மா தன்னைக் கூப்பிட்டாளா இல்லையா என்று பார்க்காமல் முன்னால் நடந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சாமான்களும் விரிப்புகளும் விற்கும் கடை. வாசலில் கால்மிதிகளைச் சுருட்டிச் சுருட்டி நிறுத்தியிருந்தார்கள். கடைக்காரர் அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "வாங்க வாங்க! அந்த மெரூன் எப்படி, சூப்பரா உழைக்குதா?"

"உழைச்சிது. என் பொண்டாட்டிய கீழ தள்ளப் பாத்துது" என்றார் அப்பா.

கடைக்காரர் திடுக்கிட்டு, உடனே சமாளித்தார். "ஐயையோ, அத்த வுடுங்க. இது பாருங்கம்மா, புதுசா வந்துகினு இருக்குது. மெமரி மேட்டு. உங்க கால் அச்ச அப்படியே ஞாபகம் வெச்சிக்கும்."

அம்மா அதை அழுத்திப் பார்த்தாள். "கால ஞாபகம் வெச்சி இன்னா பண்றது? தாழ்ப்பா மாட்றேன்னு சொன்னத ஞாபகம் வெச்சிக்கற மாதிரி ஒண்ணு இருந்தா குடு. இவருக்கு வாங்கித் தரேன்."

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பலமாகச் சிரித்தார். அப்பா கூரையில் தொங்கிய பிளாஸ்டிக் குடங்களை எண்ணுவதுபோல மேலே பார்த்தார்.

நான் என் வரிசைப்படி கேட்டுக்கொண்டே போனேன். முழு ரப்பர் அடி போட்டவை வேண்டாம். நுரை வேண்டாம். தடித்த குச்சம் வேண்டாம். கடைக்காரர், "உறிஞ்சற கிண்ணி வெச்சது இருக்குதும்மா, தரையைக் கவ்விக்கும்" என்று ஓட்டை ஓட்டையாக இருந்த ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் காட்டினார். தண்ணீர் ஓட்டை வழியாக ஓடிவிடும், நல்லதுதான். ஆனால் அந்தக் கிண்ணிகள் கவ்வ வழுவழுப்பான, இடைவெளி இல்லாத தரை வேண்டும். எங்கள் வீட்டில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் இடம் சொரசொரப்பு. உடை மாற்றும் இடத்தில் டைல்ஸ் இணைப்புகள். கிண்ணிக்கு அடியில் காற்று புகுந்துவிடும். அதையும் வேண்டாம் என்றேன். கல்லில் செய்தது போன்ற ஒரு பலகையும் இருந்தது, தண்ணீர் பட்ட உடனே உறிஞ்சிக் காய்ந்துவிடுமாம். அம்மா ஏறி நின்று பார்த்தாள். "அம்மிமேல நிக்கற மாதிரி இருக்குது. கல்யாணத்தன்னிக்கு ஒரு வாட்டி நின்னேன், போதும்" என்று இறங்கிவிட்டாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று காலையிலிருந்து முதல் தடவை.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று பருத்தி, அடி ரப்பர் இல்லாத கெட்டியான துண்டு போல. இன்னொன்று மெல்லிய பாலியெஸ்டர்; மிகக் குட்டையான, மென்மையான குச்சம். அடியில் முழு ரப்பருக்குப் பதிலாகப் பொட்டுப் பொட்டாக ரப்பர். நடுவே துணி தெரிந்தது. ஒரு பக்கம் ஊதினால் மறுபக்கம் வைத்த விரலில் காற்று பட்டது.

அப்பா பாலியெஸ்டரை விரலில் உருட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கனமே இல்ல. பவுர்லூம் சரக்கு."

"கால்ல போடத்தானே? கல்யாணத்துக்கா?" என்றாள் அம்மா. பிறகு அதை ஒரு கையால் தூக்கினாள், முறிந்து சேர்ந்த கையால். உயர்த்தி, கடையில் கட்டியிருந்த கயிற்றில் போட்டாள். பருத்தியையும் அப்படியே செய்து பார்த்தாள். நனையாதபோதே அது மணிக்கட்டை இழுத்தது. பாதியில் முகத்தைச் சுளித்து இறக்கிவிட்டாள்.

"இத நனைஞ்சப்புறம் என்னால தூக்க முடியாது. தூக்க முடியலன்னா தரையிலயே கெடக்கும். கெடந்தா மறுபடி பூசணம்தான்."

என் வரிசையில் எல்லாம் இருந்தது, இது இல்லை. கைபேசியை எடுத்து, 'அம்மா ஒரு கையால் தூக்க வேண்டும்' என்று சேர்த்தேன். எண் போட்டு முதலாவதாக.

அப்பா மட்டும் இன்னும் நம்பவில்லை. "வேகமாக் காயும்னு நீ சொல்ற. நான் எப்படி நம்பறது?" இரண்டையுமே வாங்கினோம். வீட்டில் பட்டு நூல் எடை போடும் மின்தராசு இருக்கிறது. அதன்மேல் நூலைத் தவிர வேறு எதையும் வைக்க அப்பா விடமாட்டார். அன்று அவரே அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்தார்.

உலர்ந்த எடையைப் பார்த்துக்கொண்டோம். இரண்டையும் தண்ணீரில் முக்கி, ஒரே மாதிரிப் பிழிந்து மறுபடி வைத்தோம். பருத்தி நிறையக் குடித்திருந்தது. பாலியெஸ்டரும் ஈரம்தான், ஆனால் அந்த நூல் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளாது, இழைகளுக்கு நடுவே பிடித்துவைத்துக்கொள்ளும், அவ்வளவே. காற்றடித்தால் விட்டுவிடும். இரண்டையும் கொல்லையில் நிழலில், அடிப்பக்கம் காற்றுக்குப் படும்படி, பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அப்பா தானே போய் இரண்டையும் எடுத்து வந்தார். முதலில் பாலியெஸ்டரை வைத்தார். தராசு முன்பு காட்டிய உலர்ந்த எடைக்கு மிக அருகில் வந்து நின்றது. பருத்தியை வைத்தார். எண் இன்னும் எங்கோ மேலே இருந்தது. அதை எடுத்து, மறுபடி வைத்தார்.

"இதுல கனம் இருக்குது" என்றார் மெதுவாக. "ஆனா எல்லாம் தண்ணிக் கனம்."

நெசவாளர்களுக்குத் தண்ணீரின் கனம் பற்றித் தெரியும். ஈர நூலை எடை போட்டுக் கொடுத்து ஏமாற்றும் ஆட்களைப் பற்றி எங்கள் தெருவில் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். அப்பா அந்தக் கண்ணோடு பருத்தியைப் பார்த்தார். பிறகு பாலியெஸ்டரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய், உலர்ந்த டைல்ஸில் போட்டு, ஈரக் காலால் ஏறி நின்றார். முன்னும் பின்னும் உதைத்துப் பார்த்தார். நகரவில்லை. டைல்ஸில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தார். லேசாக நகர்ந்தது.

"போவுது, பாரு!"

"போவும்ப்பா. தரை ஈரமா இருந்தா ரப்பர் பொட்டுக்கும் புடிமானம் கொறையும். அதனால குளிக்கறதுக்கு முன்னாடி தரை காய்ஞ்சி இருக்கணும், அப்புறம்தான் இதப் போடணும். முடிஞ்சதும் எடுத்துத் தொங்கவுடணும். தரையிலயே வுட்டா இதுவும் பூசணம் புடிக்கும், கொஞ்சம் லேட்டா. எந்தக் கால்மிதியும் தானா நல்லா இருக்காது."

தொங்கவிட ஒரு கோல் வேண்டும் என்றதும் அப்பா தறியிலிருந்து ஒதுக்கிவைத்த மூங்கில் ஒன்றைக் கொண்டுவந்தார். மூங்கிலே ஈரத்தில் பூசணம் பிடிக்கும் என்றேன். முறைத்துவிட்டு, தண்ணீர்க் குழாய் மாற்றியபோது மிஞ்சிய பிளாஸ்டிக் பைப்பைத் தேடி எடுத்து, கொல்லையில் காற்று வருகிற, உச்சி வெயில் படாத சுவரில், அம்மாவின் தோள் உயரம் பார்த்து மாட்டினார். உயரம் பார்க்க அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். "இன்னும் கொஞ்சம் கீழ" என்று மட்டும் அவள் சொன்னாள்.

தேசூர் பஸ் போய்விட்டது. பை கதவோரமாகவே இருந்தது.

"போவலியாம்மா?" என்று கேட்டேன்.

"பை அங்கியே இருக்கட்டும். தாழ்ப்பா வரலையே இன்னும்."

நான் சென்னைக்குத் திரும்பியபின் தினமும் ஃபோனில் செய்தி அப்பாவிடமிருந்துதான் வந்தது. அம்மா குளித்து வந்ததும் அவர் போய்த் தரையைத் துடைப்பாராம். அவள் தொங்கவிட்ட கால்மிதியின் அடிப்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பாராம். "நாய்க்குட்டி மாதிரி மோந்து பாக்கறாரு. பக்கத்து வூட்ல பாத்தா இன்னா நெனைப்பாங்க? ஒரே பேஜாரு" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்கும்.

மழை பிடித்த வாரத்தில் அப்பா கவலையோடு கூப்பிட்டார். கோலில் போட்டது மறுநாளும் சொதசொதவென்று இருக்கிறதாம். காற்றிலேயே ஈரம் இருந்தால் எந்தத் துணியும் அப்படித்தான், ஃபேன் காற்றில் போடுங்கள், இன்னொன்றும் வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள் என்றேன். அதே கடைக்குப் போய் அதே மாதிரி இன்னொன்று வாங்கி வந்திருக்கிறார். கடைக்காரர் வேறொரு புதுச் சரக்கை நீட்டியதற்கு, "கனமா இருக்குதா? அப்ப வேணாம்" என்றாராம். இதைச் சொல்லும்போது அவர் குரலில் சிறு வெட்கம் இருந்தது.

மழை விட்டபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது, அப்பா குளியலறைக் கதவருகே முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். கையில் திருப்புளி. பழைய பொத்தல்களுக்குக் கொஞ்சம் மேலே புதுத் தாழ்ப்பாள் ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார். தரையில் கால்மிதி இல்லை; டைல்ஸ் சுத்தமாக, உலர்ந்து கிடந்தது.

தாழ்ப்பாளோடு வந்த திருகாணிகள் ஒரு காகிதத்தில் அப்படியே இருந்தன. அவர் முறுக்கிக்கொண்டிருந்தவை வேறு, மிகச் சின்னவை. நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

"அம்மாவாண்ட சொல்லாத" என்றார் தாழ்ந்த குரலில். "தோள வெச்சா வந்துடும். ஒரு வேளை... அதுக்குத்தான்."

நான் தலையாட்டினேன்.

அம்மா துண்டும் புடவையுமாக வந்தாள். கையில் கால்மிதி. தாழ்ப்பாளை ஒரு முறை தள்ளிப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். உள்ளே போனாள். அப்பா எழுந்து தறிக்குப் போனார்.

உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. தறி உடனே ஓடவில்லை. நானும் அசையாமல் நின்றேன். தண்ணீர் விழும் சத்தம் வந்தது, அப்புறம் சொம்பின் சத்தம். சமையலறைக்குப் போக நான் அந்தக் கதவைத் தாண்டி நடந்தேன், வேண்டுமென்றே காலடிச் சத்தத்தோடு. உள்ளே இருமல் இல்லை. அவள் ஏதோ மெட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தறி ஓடத் தொடங்கியது.

குளித்து வந்தவள் கால்மிதியைக் கோலில் போட்டு, அடிப்பக்கத்தைக் காற்றுக்குத் திருப்பினாள். கதவோரம் அத்தனை நாளும் கிடந்த பையை எடுத்துப் பிரித்து, புடவைகளை அலமாரியில் வைத்தாள். நான் உதவப் போனபோது, அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"சின்ன ஆணியாப் போட்டிருக்காரு. பாத்தேன். இருக்கட்டும் வுடு."